மலைநாட்டு வீட்டுக்குப் பயோகேஸ் குழி: எத்தனை செங்கல், எத்தனை பை சீமெந்து, பூச்சு எப்படி?

எங்களுக்கு எவ்வளவு பெரிய குழி வேணும்? மேசன் “ரெண்டு மாடுதானே, சின்னதாப் போட்டா போதும்” என்கிறார்.

மாட்டை எண்ணிக் குழி போடுவது பழக்கம்தான். ஆனால் கணக்கை அடுப்பில் தொடங்கினால்தான் குழி வீட்டுக்குப் பொருந்தும். நாளுக்கு எவ்வளவு வாயு எரிக்கப் போகிறீர்கள் என்பது முதலில் தெரிய வேண்டும். சாணம், குழியின் அளவு, செங்கல், சீமெந்து எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும்.

வீட்டில் கேஸ் சிலிண்டர் இருந்தால் வேலை சுலபம். 12.5 கிலோ சிலிண்டர் உங்கள் குசினியில் 25 நாள் ஓடுகிறது என்றால் நாளுக்கு அரைக் கிலோ. ஒரு கன மீட்டர் பயோகேஸ் ஏறத்தாழ 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஆக உங்கள் தேவை நாளுக்குச் சுமார் 1.2 கன மீட்டர்.

விறகில் சமைப்பவர்கள் நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். சாதாரண வீட்டு பயோகேஸ் பர்னர் ஒன்று மணிக்கு 0.4 கன மீட்டர் அளவில் எரிக்கும். காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்காக ஒன்றரை மணி நேரம், இரவுச் சோறு கறிக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் மூன்று மணி. அதுவும் 1.2 கன மீட்டர்தான். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது நியாயமான கணக்கு. கீழே வருவது முழுக்க இந்த 1.2-ஐ வைத்து, ஹட்டன், தலவாக்கலை உயரத்தில் உள்ள ஒரு வீட்டுக்காகப் போட்டது. உங்கள் எண் வேறானால் அதே வழியில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த 1.2-க்கு எத்தனை கிலோ சாணம் போடணும்?

நாளுக்கு 40 கிலோ. தாழ்நாட்டுச் சூட்டில் ஒரு கிலோ பச்சைச் சாணம் 0.04 கன மீட்டர் வரை தரும். நமது குளிரில் 0.03 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 1.2-ஐ 0.03-ஆல் வகுத்தால் 40.

கொட்டிலிலேயே கட்டிப் புல் அறுத்துப் போடும் கலப்பினப் பசு நாளுக்கு 15 முதல் 20 கிலோ சாணம் போடும். இரண்டு பசுவில் 40 கிலோ எட்டுவது இழுபறிதான், கூட ஒரு கிடாரி இருந்தால் கவலையில்லை. பகலில் மேய்ச்சலுக்கு விடுகிற மாடு என்றால் சாணத்தில் பாதி தேயிலை மலையிலேயே போய்விடும். ஊகிக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குச் சாண வாளியைத் தராசில் நிறுத்து எழுதிப் பாருங்கள். 25 கிலோதான் வருகிறது என்றால் கிடைக்கப்போவது 0.75 கன மீட்டர், அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அடுப்பு. அப்போது குழியையும் அந்த அளவுக்குக் கட்டுவதே சரி. பெரிய குழி கட்டிக் குறைவாகச் சாணம் போட்டால் வாயு கூடாது, செலவு மட்டும் கூடும்.

40 கிலோவுக்குக் குழி எவ்வளவு?

சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் நாளுக்கு 80 லீட்டர் கரைசல். அது குழிக்குள் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 30 பாகைக்குக் கிட்டச் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 20 பாகைக்குக் கீழே நன்றாகச் சோம்பும், 10 பாகையில் கிட்டத்தட்ட நின்றுவிடும். நிலத்துக்கு இரண்டு மீட்டர் அடியில் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். ஹட்டன் பக்கத்துக்கு 60 நாள் வைத்துக்கொள்கிறேன். 80 லீட்டரை 60-ஆல் பெருக்கினால் 4,800 லீட்டர், அதாவது 4.8 கன மீட்டர்.

இதன் மேல் வாயு தங்க இடம் வேண்டும். காலைச் சமையல் ஆறரைக்கு முடிந்தால், மாலை ஐந்து வரை பத்தரை மணி நேரம் அடுப்பு சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் சுமார் 0.53 கன மீட்டர் சேரும். இரவில் சேருவதும் அதே அளவுதான். ஆகவே ஒரு நாள் வாயுவில் பாதி, 0.6 கன மீட்டர், தங்கினால் போதும். உச்சியில் எப்போதும் காலியாக இருக்க 0.3 விடுகிறோம், இல்லாவிட்டால் கரைசல் நுரைத்துக் குழாயில் ஏறும்.

4.8, 0.6, 0.3 மூன்றையும் கூட்டினால் 5.7 கன மீட்டர். குழி அரைக்கோளம் என்பதால் கணக்கு ஒரே வரி:

```
V = 2/3 × π × R³
R = 1.4 m  →  V = 5.75 m³
```

ஆரம் 1.4 மீட்டர், செங்கலின் உள்முகம் வரைக்கும். உள்பூச்சு ஏறத்தாழ கால் கன மீட்டரைத் தின்றுவிடும். ஆனால் தரையின் நடுவை 15 சென்றிமீட்டர் தாழ்த்திக் கிண்ணம் போல விட்டால் அந்த இழப்பு திரும்பக் கிடைத்துவிடும்.

நாங்க நுவரெலியாவில் இருக்கிறோம். அதே அளவு சரிவருமா?

வராது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் இருக்கிறது. அங்கே கிலோவுக்கு 0.025 கன மீட்டர், 80 நாள் தங்கல் என்று போடுங்கள். அதே 1.2 கன மீட்டருக்கு 48 கிலோ சாணமும் எட்டரைக் கன மீட்டர் குழியும் வேண்டியிருக்கும். கண்டி உயரத்தில் 45 நாள் தங்கலே போதும், குழியும் சிறிதாகும். நுவரெலியாவில் மூன்று மாடு இல்லாதவருக்கு முழுச் சமையலும் பயோகேஸில் என்ற நினைப்பு வேண்டாம் என்பேன். காலைச் சமையலுக்கு மட்டும் என்று தேவையைக் குறைத்து வைத்துக் கட்டினால் ஏமாற்றம் இருக்காது.

எந்த ஊரானாலும் வெயில் விழும் இடத்தில் குழி வையுங்கள். ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் காலையில் வாளியில் பிடித்து வெயிலில் வைத்து, மத்தியானம் கரைத்து விடுங்கள். நாளுக்கு 40 லீட்டர் குளிர்ந்த தண்ணீர் போவது குழிக்கு நல்லதல்ல.

வெளித்தொட்டியை எந்த மட்டத்தில் வைக்கிறது? மேசனுக்கு மேசன் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

இந்த அமைப்பில் வாயு அறைக்கு அசையும் மூடி கிடையாது. வாயு சேரச் சேரக் கரைசலைக் கீழே அமுக்கும், அமுங்கிய கரைசல் வெளித்தொட்டியில் ஏறும். அடுப்பைத் திறந்தால் அந்தக் கரைசல் திரும்ப இறங்கி வாயுவைத் தள்ளும். ஆக வெளித்தொட்டியின் கொள்ளளவு வாயு சேமிப்புக்குச் சமமாக, 0.6 கன மீட்டராக இருக்க வேண்டும். உள்ளளவில் நீளம் 1.2 மீட்டர், அகலம் 1 மீட்டர், வழிந்து போகும் துளை வரை உயரம் 50 சென்றிமீட்டர் என்றால் சரியாக வரும்.

மட்டங்களை எல்லாம் குவிமாடத்தின் உள் உச்சியிலிருந்து அளந்து மேசனிடம் கொடுங்கள். உச்சிக்கு 27 சென்றிமீட்டர் கீழே வெளித்தொட்டியின் தரை. அழுத்தமே இல்லாதபோது கரைசல் நிற்கும் மட்டமும் அதுதான். உச்சிக்கு 23 சென்றிமீட்டர் மேலே வழியும் துளை. வாயு நிறைந்தால் உள்ளே கரைசல் உச்சிக்கு 48 சென்றிமீட்டர் கீழே இறங்கும். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 71 சென்றிமீட்டர் நீரழுத்தம். அடுப்புக்கு அது தாராளம், குவிமாடத்துக்கும் தாங்கும்.

கரைசல் வெளியே போகும் வாசல் தரையிலிருந்து 60 சென்றிமீட்டர் உயரமும் 60 அகலமும் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு உச்சிக்கு 80 சென்றிமீட்டர் கீழே அமையும், அதாவது கரைசல் இறங்கக்கூடிய கடைசி மட்டத்துக்கும் 32 சென்றிமீட்டர் கீழே. அந்த இடைவெளியைக் குறைத்துவிட்டால் வாயு வாசல் வழியாகக் குமிழியிட்டுப் போய்விடும். மேசன் உள்ளே போய் வருவதும் இதே வாசலால்தான். கலக்கும் தொட்டியின் தரை வழியும் துளையைவிடக் குறைந்தது 15 சென்றிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட சாணம் திரும்பி வரும்.

இங்கேதான் நமது சரிவு கைகொடுக்கிறது. கொட்டில் மேலே, குழி நடுவில், வெளித்தொட்டி கீழே, அதற்கும் கீழே மரக்கறித் தோட்டம் என்று அமைத்தால் இந்த மட்டங்கள் தாமாகவே கிடைக்கும், கழிவுக் கரைசலையும் யாரும் சுமக்க வேண்டியதில்லை.

செங்கல் எத்தனை எடுக்கணும்?

1,250. எப்படி வருகிறது என்று பார்த்தால் உங்கள் அளவுக்கும் போட்டுக்கொள்ளலாம்.

செங்கல் 220 × 105 × 65 மில்லிமீட்டர் என்று எடுக்கிறேன். அரைச் செங்கல் கனத்தில், அதாவது 105 மில்லிமீட்டர் தடிப்பில் கட்டும்போது, சாந்தையும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு 56 கல் போகும். குவிமாடத்தின் பரப்பைச் சுவரின் நடுக்கோட்டில் எடுத்து, வாசலைக் கழித்தால் 12.9 சதுர மீட்டர். அதற்கு 722 கல். வாசலிலிருந்து வெளித்தொட்டிக்கு ஏறும் கூட்டின் மூன்று பக்கத்துக்கு 130, வெளித்தொட்டியை முக்கால் மீட்டர் உயரத்துக்கு எழுப்ப 203, கலக்கும் தொட்டிக்கு 79. மொத்தம் 1,134. உடைவுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 1,250-க்குக் கிட்ட வருகிறது. லொறியில் மலை ஏறி, பிறகு லயத்துக்குத் தலையில் சுமந்து வரும் கல்லுக்கு அந்தப் பத்து சதவீதம் கட்டாயம் வேண்டும்.

உங்கள் ஊர்ச் செங்கல் சிறியதாக இருந்தால் பத்துக் கல்லை வரிசையாக வைத்து அளந்து சராசரி எடுத்து மறுபடி போடுங்கள். ஒரு கல்லை இன்னொன்றால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வரும் கல் வேகாதது. அதைக் கலக்கும் தொட்டிக்கு ஒதுக்குங்கள், குவிமாடத்தில் வைக்க வேண்டாம்.

சீமெந்து புளொக் கல் மலிவு. அதில் கட்டலாமா?

வெளித்தொட்டிக்கும் கலக்கும் தொட்டிக்கும் தாராளமாக. குவிமாடத்துக்கு வேண்டாம். 40 சென்றிமீட்டர் நீளக் கல்லை 1.4 மீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பக்கம் மூட்டு வாய் பிளந்து நிற்கும். அதை அடைக்கப் போகும் சாந்திலேயே மிச்சம் பிடித்த காசு போய்விடும், வாயுவும் கசியும்.

பலகை அடிக்காமல் குவிமாடம் எப்படி நிற்கும்?

ஒவ்வொரு வரியும் மூடிய வளையம் என்பதால் நிற்கும். கடைசிக் கல் இறுகும் வரைதான் விழும் பயம்.

தரைக் கொங்கிறீட்டின் நடுவில், சுவர் தொடங்கும் மட்டத்துக்குச் சரியாக ஒரு முளை அடியுங்கள். நடுப்பகுதி தாழ்வாக இருப்பதால் முளையைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும், பலரும் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். முளையில் 1.4 மீட்டர் நீளக் கம்பியைச் சுழலும்படி கட்டுங்கள். ஒவ்வொரு கல்லின் உள்முகமும் கம்பியின் நுனியைத் தொட வேண்டும், கல்லும் கம்பியின் சாய்வுக்கே சாய வேண்டும். முதல் வரியில் 39 கல் வரும். அதற்கு மேல் உச்சி வரை மொத்தம் 28 வரி. நாளுக்கு ஆறேழு வரிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

பாதி உயரம் தாண்டியதும் கல் வழுக்கப் பார்க்கும். அப்போது ஒரு நுனியில் கொக்கியும் மறுநுனியில் ஒரு செங்கலும் கட்டிய கயிறுகள் சில தயாராக இருக்க வேண்டும். கொக்கியைப் புதுக் கல்லின் மேல் மாட்டி, கட்டிய செங்கலைக் குவிமாடத்தின் வெளிப்புறம் தொங்க விட்டால், அடுத்த கல் வந்து இறுக்கும் வரை அது பிடித்துக்கொள்ளும். கல்லை நனைத்து வைத்திருங்கள், காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். உச்சியில் வாயுக் குழாயை நிறுத்தி, சுற்றிக் கொங்கிறீட்டால் அடைத்து மூடுங்கள்.

மண் நிரப்புவதைக் கடைசிக்கு விடாதீர்கள். அரைக்கோளத்தின் கீழ் வளையங்கள் தன் எடையிலேயே வெளியே விரியப் பார்க்கும். நமது அளவில் உச்சியிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டருக்குக் கீழே அந்த இழுப்பு தொடங்குகிறது. அதைத் தாங்குவது வெளியே இடித்து இறுக்கிய மண்தான். சில வரிகள் கட்டி, அவை இறுகியதும், வெளிப்பக்கம் மெல்லிய பூச்சுப் பூசி, 15 சென்றிமீட்டர் அடுக்காகச் சுற்றிவர ஒரே மட்டத்தில் மண் போட்டு இடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் குவிமாடம் மறுபக்கம் தள்ளும். உச்சிக்கு மேல் 40 சென்றிமீட்டர் மண் இருக்க வேண்டும், உள்ளேயிருந்து தள்ளும் வாயு அழுத்தத்துக்கு அதுதான் எதிர்ப்பாரம்.

சீமெந்து, மணல், சல்லி எவ்வளவு?

50 கிலோப் பை 18. மணல் 2 கன மீட்டர், அதாவது முக்கால் கியூப்புக்குச் சற்றுக் குறைவு. சல்லி 1.1 கன மீட்டர், அரைக் கியூப்புக்குள் அடங்கும்.

செங்கல் வேலை மொத்தம் 20 சதுர மீட்டர் சுவர். வளைவில் வெளி மூட்டு அகலம் என்பதால் சதுர மீட்டருக்கு 0.03 கன மீட்டர் சாந்து போட்டால் 0.6. ஒன்றுக்கு நாலு கலவையில் அதற்கு 4.5 பை. தரைக் கொங்கிறீட் 10 சென்றிமீட்டர், சுவர் உட்காரும் வளையத்தில் 15, மொத்தம் 0.95 கன மீட்டர். ஒன்று மூன்று ஆறு கலவையில் 4.2 பை. வெளித்தொட்டியின் தரை, மூடிகள், கலக்கும் தொட்டியின் அடி ஆகியவற்றுக்கு ஒன்று இரண்டு நாலில் 1.7 பை. உள்பூச்சு எல்லாமாக 4.4, வெளிப்பூச்சு 1.6. கழுவிப் பூசவும் கடைசிப் பூச்சுகளுக்கும் ஒரு பை. கூட்டினால் 17.4.

பதினெட்டையும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். மிஸ்ட் விழும் ஊரில் சீமெந்து சீக்கிரம் கட்டிபிடிக்கும். முதலில் பத்து, பூச்சுத் தொடங்கும் வாரத்தில் மீதி எட்டு. பூச்சுக்குப் பழைய சீமெந்து பாவித்தால் பிறகு வாயு நிற்காமல் அலைய வேண்டி வரும்.

உள்பூச்சுதான் முக்கியம் என்கிறார்கள். எத்தனை பூச்சு, எப்படி?

செங்கலும் சாந்தும் தண்ணீரைக்கூட ஓரளவு தாங்கும், வாயுவைத் தாங்காது. வாயுவைப் பிடித்து வைப்பது உச்சியிலிருந்து 80 சென்றிமீட்டர் வரையுள்ள பூச்சுத்தான். அது ஏழு சதுர மீட்டர் பரப்பு, ஒரு சின்ன அறையின் ஒரு சுவர் அளவுகூட இல்லை. மேசன் நிதானமாகச் செய்ய வேண்டியது அங்கேதான்.

வெளியே மண் முழுவதும் நிரப்பி இடித்த பிறகே உள்ளே பூசத் தொடங்குங்கள். முதலில் பூசிவிட்டுப் பிறகு இடித்தால் அந்த அதிர்ச்சியிலும் அமுக்கத்திலும் பூச்சில் மயிர்வெடிப்பு விழும், கண்ணுக்குத் தெரியாது.

சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பிதுங்கிய சாந்தைச் செதுக்கி, பள்ளமான மூட்டுகளை அடைத்து, கழுவுங்கள். ஈரம் இருக்கும்போதே சீமெந்துப் பாலைத் தூரிகையால் பூசி, அது காயுமுன் ஒன்றுக்கு மூன்று சாந்தில் 10 மில்லிமீட்டர் பூச்சு. மணியாசுப் பலகையால் நன்றாக அழுத்தித் தேய்க்க வேண்டும், மேலே கீறிச் சொரசொரப்பாக விட வேண்டும். மறுநாள் மீண்டும் சீமெந்துப் பால், மீண்டும் 10 மில்லிமீட்டர், இந்தத் தடவை மணலை அரித்து எடுங்கள். இந்த இரண்டும் குவிமாடம் முழுவதற்கும். தரைக்கும் அதே கலவை.

வாயுப் பகுதிக்கு மட்டும் மேலும் இரண்டு பூச்சு. எமல்ஷன் பெயின்ட், தண்ணீரில் கரைவது, ஒரு பங்குக்கு 20 பங்கு சீமெந்து கலந்து தண்ணீர் விட்டுக் களிபோல ஆக்கித் தேய்ப்பது ஒன்று. அது இறுகியதும் பெயின்ட் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சீமெந்து கலந்து தூரிகையால் பூசுவது அடுத்தது.

ஒவ்வொரு பூச்சையும் வாயுப் பகுதியில் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் அந்த ஒட்டுக்கோட்டில்தான் கசியும். சீமெந்தை அள்ளிப் போட்டால் பலம் என்று நினைத்து ஒன்றுக்கு ஒன்று கலவையில் தடிப்பாகப் பூசுவதும் உண்டு. அது காயும்போது சுருங்கி வெடிக்கும். மணலில் சேறு இருந்தாலும் இதே கதிதான்: ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மணலும் மீதித் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் சேறு தடிப்பாகத் தெரிந்தால் மணலைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். பூசி முடிந்ததும் வாசலைச் சாக்கால் மூடி, ஏழு நாள் தண்ணீர் தெளித்து ஈரம் காக்கவும்.

கசியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாணம் போடும் முன்பே பாருங்கள், போட்ட பிறகு திருத்துவது பெரும் பாடு. வாயு வால்வைத் திறந்து வைத்து, வெளித்தொட்டியின் தரை மட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். முதல் நாள் செங்கல் குடிப்பதால் இரண்டு மூன்று சென்றிமீட்டர் இறங்கும். திரும்ப நிரப்பி அடுத்த நாள் பாருங்கள். அப்போதும் சென்றிமீட்டர் கணக்கில் இறங்கினால் தண்ணீரே ஒழுகுகிறது.

அது சரி என்றால் வால்வை மூடி, தெளிந்த பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டு, வால்வுக்கும் குவிமாடத்துக்கும் இடையில் குழாயில் இணையுங்கள். இப்போது வெளித்தொட்டியில் தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளே அடைபட்ட காற்று அமுங்கும், யூ குழாயில் ஒரு பக்கம் ஏறும். 50 சென்றிமீட்டருக்குக் கிட்டக் கொண்டு வந்து விட்டுவிடுங்கள். மறுநாள் அதே நேரத்தில், அதே குளிரில் பாருங்கள்; மத்தியானம் எழுதி இரவில் பார்த்தால் காற்றுச் சுருங்கியதைக் கசிவு என்று எண்ணிவிடுவீர்கள். பத்தில் ஒரு பங்குக்குள் குறைந்திருந்தால் நல்லது. அதைவிட வேகமாக இறங்கினால் முதலில் வால்வு, குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை பூசிப் பாருங்கள், பெரும்பாலும் திருடன் அங்கேதான். அங்கே இல்லையென்றால் தண்ணீரை இறைத்து, வாயுப் பகுதியைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகக் கேட்கும் இடத்தைச் செதுக்கித் திரும்பப் பூச வேண்டும்.

எப்போது வெட்டுவது? தோட்டத்து நிலத்தில் அனுமதி வேணுமா?

மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை. தென்மேற்குப் பருவமழையில் வெட்டினால் குழியே கிணறாகிவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையும் சரிவரும்.

லயத்தோடு சேர்ந்த நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தால் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமானத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்பார்கள், பிரதேச சபையில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் வெட்டுகிறோம். வீட்டின் மேற்புறம் உள்ள செங்குத்து மேட்டின் அடியில் வெட்டவே கூடாது, மழைநீர்க் கானைக் குழியைச் சுற்றி முதலில் திருப்பிவிடுங்கள்.

சாணம் போட்டு மூன்று வாரமாகிறது. வாயு வருது, ஆனா பற்றல.

இந்தக் குளிரில் அது வழமைதான். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு. அதைத் திறந்து வெளியேற்றிவிட்டுத் திரும்ப மூடி வையுங்கள், நான்கு ஐந்து வாரத்தில் நீலச் சுடர் பிடிக்கும். குழாய் வாயில் தீக்குச்சி காட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே காற்றுக் கலந்திருக்கும். அடுப்பில் மட்டும் பற்றவையுங்கள். முதல் நிரப்பலுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் சாணம் தேவை என்பதால் பக்கத்து லயங்களில் சொல்லிவைத்துச் சேர்த்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வேறு குழியிலிருந்து சில வாளிக் கரைசல் கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும்.

நன்றாக எரிந்த அடுப்பு இப்போது துள்ளித் துள்ளி எரிகிறது.

குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சூடான வாயு குளிர்ந்த குழாயில் ஈரத்தை விட்டுவிடும். குழாய் முழுக்க ஒரே சாய்வில் இருந்து, மிகத் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிக்கும் வால்வு இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும்.

சுடர் ஒழுங்காக இருந்து, நேரம் மட்டும் குறைந்துவிட்டது என்றால் வெளித்தொட்டியைப் பாருங்கள். காலையில் கரைசல் வழியும் துளை வரை ஏறி நிற்கிறதா? ஏறியிருந்தால் வாயு இருக்கிறது, பழுது குழாயிலோ அடுப்பிலோ. ஏறாமல் அடியிலேயே கிடந்தால் வாயு உண்டாகவில்லை, அல்லது கசிகிறது. இரவில் வால்வை மூடிவிட்டு விடிய யூ குழாயைப் பாருங்கள்: சிறிது ஏறி, பிறகு அதே இடத்தில் நின்றுவிட்டால் அந்த மட்டத்தில் கசிவு. மெதுவாக என்றாலும் ஏறிக்கொண்டே இருந்தால் சாணம் போதவில்லை அல்லது தண்ணீர் கூடிவிட்டது. கொட்டில் கழுவும் தண்ணீர் முழுவதையும் குழிக்குள் விடும் வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கும், 60 நாள் தங்க வேண்டிய சாணம் 30 நாளில் வெளியே வந்துவிடும்.

கசிவை அடைக்க உள்ளே இறங்கலாமா?

சாணக் கரைசல் இருக்கும் குழிக்குள் ஒருபோதும் இறங்க வேண்டாம். உள்ளே மூச்சுவிட ஒட்சிசன் இருக்காது, கந்தக வாயுவும் இருக்கும், மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். கரைசல் முழுவதையும் வெளியே இறைத்து, வாயுக் குழாயை உச்சியிலேயே கழற்றி, வாசலைத் திறந்து போட்டு நாட்கணக்கில் காற்றோட விட்டு, உள்ளே கோழி ஒன்றைக் கூட்டில் இறக்கி அரை மணி நேரம் கழித்து அது நன்றாக நிற்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். அதன் பிறகும் இறங்குபவரின் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், மேலே இழுக்க இரண்டு பேர் நிற்க வேண்டும், பீடியோ விளக்கோ கிட்ட வரக்கூடாது.